ஆசியா, லண்டன், நியூயார்க்: தங்க விலை நேரத்துக்கு நேரம் ஏன் வேறு மாதிரி நகர்கிறது? (கேள்வி பதில்)

கேள்வி: ஆசிய நேரத்தில் மந்தமாகக் கிடக்கும் விலை, நியூயார்க் நேரம் வந்ததும் ஏன் துள்ளுகிறது? தங்கம் அதே தங்கம்தானே?

இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். செய்தி எப்போது வருகிறது, அது வரும்போது எதிரில் வாங்கவும் விற்கவும் எத்தனை பேர் இருக்கிறார்கள்.

தங்கத்தை அதிகம் அசைப்பது அமெரிக்கப் புள்ளிவிவரங்கள். வேலைவாய்ப்பு அறிக்கையும் பணவீக்கக் கணக்கும் நியூயார்க் நேரம் காலை 8.30க்கு வரும். லண்டனில் அப்போது மதியம் 1.30. லண்டன் வங்கிகளும், நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையில் ஃபியூச்சர்ஸ், அதாவது பின் தேதிக்கான ஒப்பந்தங்கள், வாங்கி விற்பவர்களும் ஒன்றாக இருக்கும் நேரம் அது. விலை பலமாக நகரும், ஆனால் பெரிய வால்யூமோடு நகரும். ஆசிய விடிகாலையில் புதுச் செய்தி குறைவு, அதனால் பெரும்பாலான நாள் அமைதி. ஆட்களும் குறைவு என்பதால், ஏதாவது ஒரு பெரிய ஆர்டர் வந்துவிட்டால் விலை அளவுக்கு மீறி ஓடும். பலர் அமைதியை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: அளவுக்கு மீறி என்றால் எவ்வளவு சார்? நடந்த கதை ஒன்று சொல்லுங்கள்.

2021 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை எதிர்பார்ப்பைத் தாண்டி வந்தது, 9,43,000 புதிய வேலைகள். வட்டி உயரும் என்ற பயத்தில் தங்கம் 1,800 டாலர் பக்கத்திலிருந்து 1,763 வரை இறங்கி அன்றைய நாளை முடித்தது. இந்த இறக்கம் எல்லோரும் இருக்கும் நேரத்தில் நடந்தது.

வார இறுதி முடிந்து, நியூயார்க் நேரம் ஞாயிறு மாலை 6 மணிக்கு காமெக்ஸ் திறந்தது. பெய்ஜிங்கில் அப்போது திங்கள் காலை 6. ஷாங்காய் தங்கச் சந்தை 9 மணிக்குத்தான் தொடங்கும். ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் அன்று பொது விடுமுறை. அந்த இடைவெளியில் பெரிய விற்பனை வந்தது. வெள்ளிக்கிழமை இறக்கத்துக்குக் கீழே வரிசையாகக் காத்திருந்த ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள், அதாவது குறித்த விலையைத் தொட்டதும் தானாக விற்கும் ஆர்டர்கள், ஒவ்வொன்றாக வெடித்தன. ஒரு ஸ்டாப் விற்றால் விலை இறங்கும், அந்த இறக்கம் அடுத்த ஸ்டாப்பைத் தொடும். சில நிமிடங்களில் விலை 1,690க்கும் கீழே போய்விட்டது, 4 சதவீதத்துக்கும் மேல் சரிவு.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். மற்ற சந்தைகள் திறந்து ஆட்கள் வர வர, இறக்கத்தில் பாதிக்கும் மேல் மீண்டது. நாள் முடியும்போது விலை 1,730ஐ ஒட்டி இருந்தது. என் கணக்குப்படி, மீண்டு வந்த பகுதி ஆள் இல்லாததன் விலை, மீளாத பகுதி செய்தியின் விலை.

ஏறும்போதும் இதே கதை உண்டு. 2023 டிசம்பர் 4 அன்று ஆசிய விடிகாலையில் 2,130 டாலரைத் தாண்டி அதுவரை காணாத உச்சம் தொட்ட தங்கம், அன்று இரவுக்குள் முந்தைய வெள்ளிக்கிழமை முடிவுக்கும் கீழே வந்துவிட்டது.

கேள்வி: எனக்கும் ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் ஸ்டாப் அடித்துவிட்டது அண்ணா. நண்பருடைய சார்ட்டில் அந்த விலையே இல்லை. புரோக்கர் வேண்டுமென்றே செய்ததுதானே?

அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். ஸ்பாட், அதாவது உடனடி விலையில் கைமாறும் தங்கத்துக்கு உலகம் முழுக்கப் பொதுவான ஒரே விலைப்பட்டியல் கிடையாது. ஒவ்வொரு வங்கியும் தன் விலையைத் தானே சொல்கிறது. கூட்டம் இருக்கும் நேரத்தில் அவை ஒட்டியே இருக்கும். ஆள் குறைந்தால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஸ்ப்ரெட் அகலும், ஒருவர் காட்டும் விலையும் இன்னொருவர் காட்டுவதும் பிரியும்.

சரிபார்க்க வழி இருக்கிறது. அதே நிமிடத்துக்கான காமெக்ஸ் ஃபியூச்சர்ஸ் விலையை எடுங்கள். அது பரிவர்த்தனை மையத்தில் பதிவாகும் விலை. ஃபியூச்சர்ஸுக்கும் ஸ்பாட்டுக்கும் வழக்கமாக உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். அங்கேயும் அதே போல இறக்கம் இருந்தால் உங்கள் ஸ்டாப் நியாயமாகத்தான் அடித்திருக்கிறது. அங்கே ஒன்றுமே இல்லையென்றால், புரோக்கரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஷாங்காயில் விலை அதிகமாகவும் லண்டனில் குறைவாகவும் இருப்பது நேர வித்தியாசத்தால்தானா?

இல்லை, அது வேறு விஷயம். ஒரே நிமிடத்தில் ஒப்பிட்டாலும் அந்த வித்தியாசம் இருக்கும். சீனாவுக்குள் தங்கம் கொண்டுபோக மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். உள்ளே தேவை அதிகமாகி இறக்குமதி ஈடுகொடுக்காதபோது அங்கே பிரீமியம் ஏறும். நாம் பேசுவது, விலை ஒரு மணி நேரத்தில் எப்படி நகர்கிறது என்பதை.

கேள்வி: ஆசியா வாங்கும், மேற்கு விற்கும். ஆசிய நேரத்தில் ஏறும், நியூயார்க்கில் இறங்கும். இவ்வளவுதானே விஷயம்?

பாதி சரி. நிஜத் தங்கம் வாங்குபவர்கள் ஆசியாவில் அதிகம்தான். ஆனால் அவர்கள் விலை இறங்கினால் வாங்குவார்கள், ஏறினால் ஒதுங்கி நிற்பார்கள். அப்படிப்பட்டவர்கள் விலையைத் தாங்கிப் பிடிப்பார்களே தவிர மேலே தள்ளமாட்டார்கள்.

இதுவும் நிலையான விதி இல்லை. 2024 ஏப்ரலில் ஷாங்காய் ஃபியூச்சர்ஸில் வால்யூம் எகிறியது. அவர்கள் ஏறும் விலையைத் துரத்தி வாங்கியவர்கள். அந்த மாதிரி காலத்தில் ஆசிய நேரமே விலையை இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: முன்பு ஒரு வங்கியின் புல்லியன் பிரிவில் இருந்தேன். லண்டன் பிற்பகல் ஏலத்தை ஒட்டி விலை அழுத்தப்படுகிறது என்று வருடக்கணக்காகப் பேச்சு. நீங்கள் எந்தப் பக்கம்?

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லண்டனில் காலை 10.30க்கும் பிற்பகல் 3க்கும் தங்கத்தின் அடிப்படை விலையைத் தீர்மானிக்கும் ஏலம் நடக்கிறது. 2015 முதல் மின்னணு முறை. ஒவ்வொரு சுற்றும் 30 விநாடி. வாங்குவோர், விற்போர் அளவில் 10,000 அவுன்ஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையை மாற்றி அடுத்த சுற்று. அந்த விலையில் கணக்கு முடிக்க வேண்டியவர்கள் எல்லோரும் அந்த நிமிடங்களில் கூடுவதால், ஃபியூச்சர்ஸும் அப்போது அசைகிறது.

அழுத்தமா, வெறும் கூட்டமா என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. சிக்கல் என்னவென்றால், லண்டன் 3 மணி என்பது நியூயார்க்கில் காலை 10. அமெரிக்காவின் வேறு பல புள்ளிவிவரங்கள் வரும் நேரமும் அதுவே. விலை நகர்ந்தது ஏலத்தாலா, செய்தியாலா என்று பிரிக்க முடிவதில்லை.

ஆனால் மார்ச்சில் அமெரிக்கா கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை முன்னதாகவே மாற்றிவிடும், பிரிட்டன் மாதக் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். அந்த இரண்டு மூன்று வாரம் நியூயார்க் 10 மணிச் செய்தி லண்டன் 2 மணிக்கு வரும், ஏலம் வழக்கம்போல 3 மணிக்கு நடக்கும். அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் இப்படிக் கிடைக்கும். ஐந்து நிமிட சார்ட்டில் அந்த நாட்களின் 2 மணியையும் 3 மணியையும் தனித்தனியாக எடுத்து, மற்ற மாதங்களோடு வைத்துப் பாருங்கள். உங்களிடம் பழைய தரவு இருந்தால் என்ன தெரிகிறது என்று இங்கேயே எழுதுங்கள். எனக்கும் அது தேவை.