குறைக்க முடியாது என்ற பிறகு என்ன சொல்வது?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து இணையதளம் செய்து தருகிறோம். ஒரு துணி நிறுவனத்துக்கு 12 பக்கங்களும் 200 பொருட்களும் கொண்ட விற்பனைத் தளத்துக்குக் கொட்டேஷன் கொடுத்தோம். “எல்லாம் பிடித்திருக்கிறது, 20 சதவீதம் குறைத்தால் உடனே ஆரம்பிக்கலாம்” என்கிறார் உரிமையாளர். பாதி முன்பணம், முடிந்ததும் மீதி என்பது எங்கள் வழக்கம். குறைத்தால் எங்களுக்குக் கட்டாது. முடியாது என்றால் அவர் போய்விடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது?

பதில்: கட்டாது என்றால் எவ்வளவு கட்டாது என்பதை முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். அந்த எண் கையில் இல்லாமல் பேசப் போகிறவர்கள்தான் பாதி வழியில் “சரி, பத்து சதவீதம்” என்று இறங்கிவிடுகிறார்கள்.

கொட்டேஷன் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இருவரின் உழைப்புக்கான கூலியையும் சேர்த்துச் செலவு 70, லாபம் 30. இதில் 20 குறைத்தால் வேலை அப்படியே இருக்கும், செலவும் அதே 70தான். லாபம் மட்டும் 30இலிருந்து 10 ஆகிவிடும். அவர் கேட்பது விலையில் ஐந்தில் ஒரு பங்கு. உங்களிடமிருந்து போவது லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பழைய லாபத்தைப் பார்க்க இதே அளவில் மூன்று தளங்கள் செய்தாக வேண்டும்.

அடுத்ததாக, பதில் சொல்லும் முன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். “தொகை மொத்தமாகவே உங்கள் கணக்கைத் தாண்டுகிறதா, அல்லது ஒரே சமயத்தில் இவ்வளவு புரட்டுவது சிரமமா?” கேட்டுவிட்டு அவர் பேசும்வரை காத்திருங்கள். “இந்த மாதம் சரக்கு எடுக்க வேண்டியிருக்கிறது” என்றால் பிரச்சினை பணம் வரும் நேரத்தில். “இதற்கு இவ்வளவுதான் ஒதுக்கியிருக்கிறோம்” என்றால் பிரச்சினை தொகையில். “சும்மா, பார்த்துப் போட்டுக் கொடுங்க” என்றால் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. கேட்டுப் பார்ப்பது அவர் பழக்கம், மரியாதையான ஒரு மறுப்பே போதும். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. நேரப் பிரச்சினை உள்ளவரிடம் வேலையைக் குறைத்துக் காட்டினால், அவருக்குத் தேவையான தளமும் கிடைக்காது, உங்களுக்கு முழு வேலையும் கிடைக்காது.

பிரச்சினை நேரம்தான் என்றால் தவணையை மாற்றுங்கள். அவருக்கு நெருக்கடி தருவதே உங்கள் பாதிக்குப் பாதி முறையாக இருக்கலாம். உங்களுக்கும் அது அவ்வளவு பாதுகாப்பானதல்ல: வேலை முடியும் நாளில் நீங்கள் 70 செலவழித்திருப்பீர்கள், கையில் வந்தது 50. அவர் அன்று மனம் மாறினால் 20 உங்கள் பையிலிருந்து போகும். இதையே நான்காகப் பிரித்துப் பாருங்கள். ஆரம்பிக்கும்போது 40, வடிவமைப்பு முடிவானதும் 25, தளம் தயாராகிப் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன் 20, திறந்த 30ஆம் நாள் 15. அவருக்கு முதல் சுமை 50இலிருந்து 40ஆகக் குறைகிறது, கடைசித் தொகையைத் தளம் விற்கத் தொடங்கிய பிறகு கொடுக்கிறார். உங்கள் பக்கம், மூன்றாம் தவணைக்கு முன் வந்தது 65, செலவு 70, ஆபத்து வெறும் 5. திறந்த பிறகு நிற்கும் 15 முழுவதும் உங்கள் லாபத்துக்குள் அடங்குகிறது. அது வராமலே போனாலும் கைக்காசு போகாது. பின்னால் தள்ளும் தொகை லாபத்தைத் தாண்டக் கூடாது என்ற ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் தவணையை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்.

அந்த 15ஐ ஒரு மாதம் தள்ளிவைக்க என்ன செலவாகும்? மாதம் 2 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிச் சமாளித்தாலும் 0.3தான். அவர் கேட்ட 20க்குப் பதில் 0.3 கொடுத்து அதே நெருக்கடியைத் தீர்க்கிறீர்கள்.

தவணைகள் கெடுவது ஒரே இடத்தில்தான். “வடிவமைப்பு முடிவானதும்” என்று எழுதினால், அவர் ஒப்புதல் சொல்லாதவரை பணமும் வராது, வேலையும் நகராது. அதனால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நிகழ்வோடு ஒரு நாளையும் சேர்த்து எழுதுங்கள்: “ஒப்புதல் தந்த நாள், அல்லது வடிவமைப்பை அனுப்பியதிலிருந்து 10ஆம் நாள், இரண்டில் எது முந்தியதோ அன்று.” மூன்றாம் தவணை வந்த பிறகே தளம் திறக்கப்படும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பணம் கையில் வைத்திருப்பவர் “மொத்தமும் முன்னாலேயே தருகிறேன், குறையுங்கள்” என்பார். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம்? வழக்கப்படி இரண்டு மாதம் கழித்து வரவேண்டிய 50 இன்றே வருகிறது. அதே 2 சதவீத வட்டியில் அதன் மதிப்பு 2. ஆகவே 2 வரை கொடுக்கலாம், அதற்கு மேல் போனால் அது தள்ளுபடிதான்.

இனி, ஒதுக்கியதே 80தான் என்று அவர் சொன்னால். இங்கே பலரும் சறுக்குவது, ஐந்தில் ஒரு பங்கு விலை குறைய ஐந்தில் ஒரு பங்கு பக்கங்களைக் குறைத்தால் போதும் என்று நினைப்பதில். உங்கள் 70ஐப் பிரித்துப் பாருங்கள். தளத்தின் அமைப்பு, வடிவமைப்பு, பணம் செலுத்தும் வசதி, சோதனை ஆகிய பொதுவேலைக்கு 40. பன்னிரண்டு பக்கங்களுக்குத் தலா 1 வீதம் 12. இருநூறு பொருட்களின் படம், விவரம், விலை ஆகியவற்றை ஏற்ற 10. பயிற்சிக்கும் மூன்று மாதப் பராமரிப்புக்கும் 8. (உங்கள் எண்கள் வேறாக இருக்கும், பிரிக்கும் விதம்தான் முக்கியம்.) நான்கு பக்கங்களை எடுத்தால் செலவில் 4தான் குறையும். மூன்றில் ஒரு பங்கு பக்கங்கள் போனதைப் பார்த்து, விலையிலும் பெரிய குறைவு வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பார். பொதுவேலை அப்படியே 40ஆக நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியாது.

80க்கு வர இன்னொரு பெரிய துண்டு போக வேண்டும். பொருட்களை ஏற்றும் வேலையை அவர் ஆட்களிடமே விட்டால் 10 குறையும். இரண்டும் சேர்ந்து 14. செலவு 56 ஆகிறது. விலை 80 என்றால் லாபம் 24. தொகையாகப் பார்த்தால் 30ஐ விடக் குறைவுதான், ஆனால் உழைப்பும் அதே விகிதத்தில் குறைந்திருக்கிறது, விலையில் லாபம் அதே 30 சதவீதம். மிச்சமான நேரத்தில் வேறு வேலை எடுக்கலாம்.

எதை எடுக்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல்: எடுத்த துண்டு வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதை அவரே செய்யவோ பிறகு சேர்க்கவோ முடிய வேண்டும். சோதனை, காப்புப்பிரதி, பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றைத் தொடாதீர்கள். அவை போனது இன்று யாருக்கும் தெரியாது. தளம் படுத்துவிடும் நாளில் “நீங்கள் செய்த தளம்” என்றுதான் பெயர் வரும், இலவசமாகச் சரிசெய்வதும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஒவ்வொரு வரிக்கும் விலை போட்ட பட்டியலை அவரிடம் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். கொடுத்தால் அவர் முதலில் அடிப்பது சோதனை என்ற வரியைத்தான்.

அவர் ஆட்களிடம் விட்ட வேலைக்கும் வேலி வேண்டும். 200 பொருட்களுக்கான எக்செல் படிவத்தை நீங்களே தயாரித்து, படத்தின் அளவைக் குறித்து, ஐந்து பொருட்களை மாதிரிக்கு நிரப்பிக் கொடுங்கள். ஏற்றி முடிக்கும் நாளைக் குறியுங்கள். அந்த நாளில் எத்தனை ஏறியிருக்கிறதோ அத்தனையோடு தளம் திறக்கும், தவணையும் அன்றே விழும். இதை எழுதாமல் விட்டால், படங்கள் வராததால் இரண்டு மாதம் நின்றுபோன தளத்துக்கு நீங்கள்தான் காரணம் என்றாகிவிடும்.

எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். வருத்தம் தெரிவிக்க வேண்டாம், உங்கள் செலவுக் கணக்கைக் காட்டவும் வேண்டாம். காட்டினால் பேச்சு உங்கள் கூலி நியாயமா என்று திரும்பும். இப்படி இருக்கலாம்:

“வணக்கம் ஐயா. கொட்டேஷனில் உள்ள வேலைகளுக்கு அந்தத் தொகையைக் குறைக்க இயலாது. உங்களுக்கு வசதியாக இரண்டு வழிகள் சொல்கிறோம். ஒன்று, அதே வேலை, அதே தொகை, நான்கு தவணைகள். கடைசித் தவணை தளம் திறந்து 30 நாள் கழித்து. இரண்டு, நீங்கள் சொன்ன தொகைக்குள் 8 பக்கங்கள்; பொருட்களை உங்கள் ஆட்கள் ஏற்றுவார்கள், படிவமும் பயிற்சியும் நாங்கள் தருவோம். இதில் பணம் வழக்கப்படி பாதி முன்பும் பாதி பின்பும். மீதி நான்கு பக்கங்களைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அன்றைய விலையில் சேர்க்கலாம். இந்த மாத இறுதிக்குள் எது வசதி என்று சொன்னால் தேதி ஒதுக்கிவைக்கிறோம்.”

வழிகள் இரண்டு போதும். மூன்றாவது வந்தால் அவர் கலந்து கேட்பார்: இரண்டாவதன் விலை, முதலாவதன் தவணை, எல்லாப் பக்கங்களும். அப்படிக் கேட்டால் “அது இரண்டும் சேராது ஐயா, எது முக்கியமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். “அடுத்தடுத்து நிறைய வேலை தருவோம்” என்று வந்தால், மகிழ்ச்சியோடு அதையும் எழுத்தில் போடுங்கள்: இரண்டு வேலைகள் முடிந்து முழுப் பணமும் வந்த பிறகு மூன்றாவது வேலையில் 5 சதவீதம் குறைவு. வேலை தரும் எண்ணம் உள்ளவர் இதற்கு ஒத்துக்கொள்வார். இல்லாதவர் பேச்சை மாற்றுவார்.

இரண்டாவது வழியை அவர் எடுத்தால், ஒப்பந்தத்தின் கீழே “இதில் சேராதவை” என்று தலைப்பிட்டு எடுத்த ஒவ்வொன்றையும் எழுதுங்கள். மூன்றாம் வாரத்தில் “அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டுடுங்க” என்று நிச்சயம் கேட்பார். அன்று நீங்கள் மறுக்கவே வேண்டியதில்லை. “போட்டுவிடலாம் ஐயா, அதற்கான தொகையை இன்று மாலை அனுப்புகிறேன்” என்றால் முடிந்தது. முதல் பக்கத்தைச் சும்மா போட்டுக் கொடுத்தால் மற்ற மூன்றும் தானாக வந்து நிற்கும், 80க்கு 12 பக்கங்கள் செய்திருப்பீர்கள்.

இரண்டையும் அவர் ஏற்கவில்லையா? மூன்றாவதாக எதையும் கண்டுபிடித்து நீட்டாதீர்கள். கொட்டேஷன் சொன்ன தேதிவரை செல்லும் என்று ஒரு வரி எழுதி நிறுத்துங்கள். நீங்களாகவே மறுநாள் அழைத்துக் குறைத்தால், முதலில் சொன்ன விலை ஏற்றிச் சொன்னது என்று அவர் முடிவு கட்டிவிடுவார், அடுத்த கொட்டேஷனிலும் அதே 20ஐக் கேட்பார்.