கடைசி 5 நிமிடச் சரிபார்ப்பு

"கட்டுரையை முடித்துக் கடைசி 5 நிமிடம் திரும்பப் படிக்கிறேன், பிழை கண்ணில் படவே மாட்டேன் என்கிறது."

முழுதாகப் படித்தால் கதைதான் ஓடும். பழைய தாள்களில் சிவப்பு மை அதிகம் விழுந்த 2 பிழைகளை மட்டும் தேடுங்கள். கடலூரில் படித்தபோது, தானே புயல் கட்டுரையில் நான் விட்டவை: ‘முந்திரி மரங்கள் சாய்ந்தது’, ‘அந்த புயல்’.

அப்புறம் இப்படிச் செய்தேன். முதல் சுற்றில் ‘கள்’ விகுதி மட்டும் தேடி, அந்த வாக்கியத்தின் வினைமுற்றைப் பார்ப்பேன்: சாய்ந்தன. ‘மரங்களை’ என்றிருந்தால் அது எழுவாய் இல்லை, தாண்டிவிடலாம். அடுத்த சுற்றில் அந்த, இந்த, ‘ஐ’ உருபு; பின்னால் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று: அந்தப் புயல், மரத்தைப் பார்த்தேன். வாக்கியத்தை மாற்றி எழுத மட்டும் இறங்காதீர்கள், அந்த அவசரத்தில் புதுப்பிழைதான் வரும்.