ஆமைக்குக் கீழே

ஐயா, வணக்கம். பூமியை யானைகள் தாங்குகின்றன, யானைகளை ஆமை தாங்குகிறது என்று என் எட்டு வயது மகளுக்குக் கதை சொன்னேன். "ஆமைக்குக் கீழே என்னப்பா?" என்றாள். "சாமி விஷயத்தில் குறுக்குக் கேள்வி கூடாது" என்று அதட்டிவிட்டேன். ஆமை ஓடு என்று முன்னோர் சொன்னது கண்டத்தட்டுகளைத்தானே? எப்படி விளக்குவது?
- ர., தர்மபுரி

அன்புள்ள ர.,

கண்டத்தட்டை விடுங்கள். ஆமை ஆமைதான்.

குழந்தையை அதட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கேட்டது நம் ஊரிலேயே கேட்டு வாதாடிய கேள்வி. 1150இல் பாஸ்கராச்சாரியார் சித்தாந்த சிரோமணி என்ற வானியல் நூலில் இதைத்தான் கேட்கிறார். பூமியைத் தாங்க ஓர் உருவம் வேண்டுமென்றால் அதைத் தாங்க இன்னொன்று, அதற்கும் ஒன்று என்று முடிவே இருக்காது. கடைசியில் ஏதோ ஒன்று தன் பலத்தில் நிற்கும் என்று ஒப்புக்கொள்ளத்தான் போகிறீர்கள். அந்தப் பலத்தை முதலிலேயே பூமிக்குக் கொடுத்தால் என்ன? நெருப்புக்குச் சூடு, கல்லுக்குக் கடினம் போல நிற்பது பூமியின் இயல்பு என்கிறார். உங்கள் மகள் பாதி தூரம் வந்துவிட்டாள். நீங்கள்தான் வழிமறித்தீர்கள்.

அப்புறம், நீங்கள் சொன்ன அடுக்கு. ராமாயணத்தில் குதிரையைத் தேடிப் பூமியைத் தோண்டிய சகரனின் பிள்ளைகள் கிழக்கே விரூபாக்ஷன் என்ற யானையைப் பார்க்கிறார்கள். அது அலுத்துத் தலையை அசைத்தால் நிலநடுக்கம். அங்கே ஆமை இல்லை. பாரதத்தில் பிரம்மா சொல்லிப் பூமியைத் தாங்குகிறவன் சேஷன். கூர்மாவதாரம் சுமந்தது மந்தர மலையை.

யானையை ஆமை மேல் ஏற்றிய கதையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது 1599இல் சந்திரகிரியிலிருந்து டா வெய்கா என்ற ஏசு சபைப் பாதிரியார் எழுதிய கடிதம். ஏழு யானைகள், அவற்றின் கால்கள் ஆமை மேல் என்று ஒருவர் சொன்னாராம். ஆமையை எது தாங்குகிறது என்றதற்குத் தெரியாது என்றாராம். அதே கடிதத்தில், பூமிக்கு ஒன்பது மூலை, அவற்றின் மேல் வானம் நிற்கிறது என்று சொன்னவர்களும் வருகிறார்கள். அதாவது அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. 1690இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கின் நூலில் அந்தச் சச்சரவு காணாமல் போய்விட்டது. ஏழு யானை ஒரே யானை ஆனது, பதில் சொன்னவர் பெயரில்லாத ஓர் 'இந்தியன்' ஆனார். பாஸ்கரர் அதே கேள்வியை எழுதி அப்போது ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சந்திரகிரி இருப்பது திருப்பதிக்குப் பக்கத்தில், தூரதேசமில்லை. தெரியாது என்று சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. தட்டு, கிட்டு என்று சமாளிக்கவில்லை அவர்.

என் ஆச்சி ஆதிசேஷன் கட்சி. தலை வலித்தால் பாரத்தை அடுத்த தலைக்கு மாற்றுவான், அப்போது பூமி ஆடும் என்பாள். "பாம்பு எது மேல இருக்கு ஆச்சி?" என்று நான் கேட்டபோது அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அத அதுகிட்டத்தான் கேக்கணும். அந்த உப்ப எடு."