பிப்பெட்டில் ஒட்டிய பால்

கேள்வி: பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலை 5.30-க்குக் கறந்த எங்கள் வீட்டு மாட்டுப் பாலைப் பென்னாகரத்திலிருந்து பஸ்சில் தர்மபுரி கொண்டுபோய், 11 மணிக்கு நியூட்ரியன்ட் அகர், மெக்கான்கி அகர் இரண்டிலும் போட்டோம். ஸ்டெரைல் பிப்பெட் தீர்ந்துவிட்டதால் 10⁻³-க்கு எடுத்ததையே 10⁻⁴-க்கும் எடுத்தோம். நியூட்ரியன்ட் அகரில் மில்லிக்கு 29.8 லட்சம் என்று சராசரி போட்டேன். மெக்கான்கியில் மிகவும் குறைவு. 'மெக்கான்கி சரியாக வேலை செய்யவில்லை, மனிதப் பிழை' என்று எழுதினேன். மேடம் அந்த இரண்டையும் அடித்துவிட்டார். என்ன எழுத வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய எண்களைச் சராசரி போடாமல், பிளேட் பிளேட்டாக அப்படியே அட்டவணையில் வையுங்கள். உங்களுக்கு வேண்டிய விடை சராசரிக்குள்தான் மறைந்து கிடக்கிறது.

| டைல்யூஷன் | நியூட்ரியன்ட் அகர்: பிளேட் 1, பிளேட் 2 | மெக்கான்கி அகர்: பிளேட் 1, பிளேட் 2 |
|---|---|---|
| 10⁻² | 300-க்கு மேல், எண்ணவில்லை | 38, 44 |
| 10⁻³ | 178, 194 | 5, 3 |
| 10⁻⁴ | 52, 30 | 0, 0 |
| பால் சேர்க்காத கன்ட்ரோல் | 0 | 0 |

அட்டவணைக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ஒவ்வொரு பிளேட்டிலும் 0.1 மி.லி. பரப்பப்பட்டது, 37 டிகிரி செல்சியஸ், 24 மணி நேரம். இந்த வரி இல்லாவிட்டால் படிப்பவரால் உங்கள் கணக்கைச் சரிபார்க்க முடியாது.

இப்போது நியூட்ரியன்ட் அகர் பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள். 10⁻³-ல் சராசரி 186. அடுத்த டைல்யூஷனில் பத்தில் ஒரு பங்காக, அதாவது 19 அளவில் இருக்க வேண்டும். உங்களுக்கு வந்ததோ 52, 30. கலனி எண்ணிக்கையில் தற்செயலாக ஏற்படும் ஏற்ற இறக்கம், ஏறக்குறைய அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 19-க்கு அது 4 சொச்சம். அதன் இருமடங்கு வரை விட்டுக்கொடுத்தாலும் 10-லிருந்து 28-க்குள் விழுந்திருக்க வேண்டும். 30 விளிம்பைத் தாண்டி நிற்கிறது; 52-ஐத் தற்செயல் என்று சொல்லவே முடியாது. 178, 194 இரண்டுக்கும் உள்ள வித்தியாசமோ சாதாரணமானது, அதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

கூடுதலாக வந்த கலனிகள் எங்கிருந்து வந்தன? 10⁻³ திரவத்தில் 0.1 மி.லி. போட்டால் 186 கலனி. முதல் பிளேட்டில் கூடுதல் 33. அதற்குத் தேவையான திரவம் 0.018 மி.லி.தான். ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. என்றால், இது அதில் பாதிகூட இல்லை. திரவத்தை ஊற்றிய பிறகு பிப்பெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்சுவரில் ஒரு மெல்லிய படலமும் நுனியில் ஒரு துளியும் நிற்கும். இந்த 33-க்கு அந்தப் படலமே போதும்.

இன்னும் உறுதியான சாட்சி இரண்டாம் பிளேட்டில் இருக்கிறது. அங்கே கூடுதல் 11 மட்டும். ஒட்டியிருந்த பழைய திரவம் முதல் பிளேட்டில் பெரும்பகுதி கழுவிப் போய், இரண்டாவதில் மிச்சம் வந்திருக்கிறது. பாக்டீரியாக் கொத்துகள் டைல்யூஷன் செய்யும்போது உடைந்து பிரிவதாலும் எண்ணிக்கை கூடலாம் என்று வைவாவில் கேட்பார்கள். கொத்து உடைந்திருந்தால், அல்லது 10⁻³ குழாயைச் சரியாகக் கலக்காமல் 10⁻⁴-ஐத் தயாரித்திருந்தால், இரண்டு பிளேட்டும் சேர்ந்தே கூடியிருக்கும். ஒன்றில் 33, மற்றதில் 11 என்று தேய்ந்திருக்காது. எந்த பிளேட்டை முதலில் போட்டீர்கள் என்பதை நோட்டில் பார்த்து உறுதி செய்துவிட்டு இதை எழுதுங்கள். எண் வரிசைப்படிதான் போட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் நான் சொல்கிறேன்.

ஆகவே 29.8 லட்சம் நிற்காது. 10⁻³-ன்படி மில்லிக்கு 18.6 லட்சம், 10⁻⁴-ன்படி 41 லட்சம். இரண்டு டைல்யூஷனிலும் கலனிகள் 30-லிருந்து 300-க்குள் இருந்ததால் இரண்டையும் சேர்த்துவிட்டீர்கள், அது புரிகிறது. ஆனால் பிளேட் கவுன்ட்டில் இதற்கென்றே பழைய விதி ஒன்று உண்டு: கணக்கிட்ட இரண்டு விடைகளில் பெரியது சிறியதைப் போல இருமடங்குக்கு மேல் போனால், சிறியதையே முடிவாகத் தர வேண்டும். உங்களுக்கு 2.2 மடங்கு. எனவே 18.6 லட்சம் என்று எழுதுங்கள். 52, 30 இரண்டையும் அட்டவணையிலிருந்து மட்டும் நீக்காதீர்கள்.

மெக்கான்கியில் 10⁻² பிளேட்டுகளின் சராசரி 41, அதாவது மில்லிக்கு 41 ஆயிரம். நியூட்ரியன்ட் அகரில் வந்ததில் சுமார் 45-ல் ஒரு பங்கு. மேடம் அடித்தது நியாயம்தான். இது ஊடகத்தின் கோளாறு இல்லை, அதன் வேலையே இதுதான். அதிலுள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவை வளர விடாது. பச்சைப் பாலில் லாக்டோகாக்கஸ், மைக்ரோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் வகைகள் நிறைய இருக்கும். அவை அங்கே தங்காது. வளர்ந்தவற்றில் இளஞ்சிவப்பு எத்தனை, நிறமில்லாதது எத்தனை என்று பிரித்து எண்ணினீர்களா? லாக்டோஸைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குபவைதான் இளஞ்சிவப்பாகும். உங்கள் ரிப்போர்ட்டில் நான் கண்ட பெரிய குறை அந்த எண் இல்லாததுதான். அடுத்த முறை ஒரு மெக்கான்கி பிளேட்டில் ஒரு பக்கம் ஈ.கோலை, மறுபக்கம் பேசில்லஸ் சப்டிலிஸ் கோடிழுத்து வையுங்கள். முன்னது இளஞ்சிவப்பாக வளர்ந்து பின்னது வளராவிட்டால், ஊடகம் சரியாக இருந்தது என்று தைரியமாக எழுதலாம்.

நியூட்ரியன்ட் அகர் எண்ணையும் 'பாலிலுள்ள மொத்த பாக்டீரியா' என்று சொல்லக் கூடாது. பால் பரிசோதனையில் மொத்த எண்ணிக்கைக்குப் பிளேட் கவுன்ட் அகரில் 30 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பார்கள். 37 டிகிரியில் ஒரே நாளில் எண்ணும்போது, மெதுவாக வளர்பவையும் குளிர்ச்சியை விரும்புபவையும் கண்ணில் படாமல் போகும். உங்கள் 18.6 லட்சம் என்பது அந்த ஊடகத்தில், அந்த வெப்பத்தில், அந்த நேரத்துக்குள் வளர்ந்தவை மட்டுமே.

பஸ் பயணத்தைத் தனியாக எழுதுங்கள். ஐந்தரை மணி நேரம் ஐஸ் இல்லாமல் வந்த பாலில் பாக்டீரியா பெருகியிருக்கும். அதனால் 'எங்கள் மாட்டுப் பாலில் இவ்வளவு' என்ற முடிவுக்கு இடமில்லை. இரண்டு ஊடகத்துக்கும் ஒரே குழாயிலிருந்துதான் எடுத்தீர்கள் என்பதால், 11 மணிக்கு இருந்த பாலை வைத்து இரண்டையும் ஒப்பிடலாம், அதற்குத் தடையில்லை. பிப்பெட் பிழை அப்படிப்பட்டதல்ல. அது நியூட்ரியன்ட் அகர் எண்ணை மட்டும் ஏற்றி, ஒப்பீட்டையே சாய்க்கிறது. 'மனிதப் பிழை' என்ற சொல்லில் இந்த வேறுபாடு தெரியாது. எது, எந்தப் பக்கம், எவ்வளவு, எந்த முடிவைப் பாதித்தது என்று எழுதினால் மேடம் அடிக்க மாட்டார்.

பிப்பெட் இனியும் பற்றாக்குறையாகத்தான் இருக்கும். டைல்யூஷன்களை எல்லாம் தயாரித்து முடித்த பிறகு, பிளேட்டில் போடுவதற்கென்று ஒரே ஒரு சுத்தமான பிப்பெட்டை ஒதுக்கி வையுங்கள். அதைக்கொண்டு 10⁻⁴-ல் தொடங்கி 10⁻³, 10⁻² என்று மேலேறுங்கள். அதே 0.018 மி.லி. அப்போதும் ஒட்டிக்கொண்டுதான் வரும், ஆனால் 186 கலனிகளோடு அது சேர்ப்பது 3 மட்டுமே.