முகச் சிவப்பைக் குறைத்தால் முகம் சாம்பலாவது ஏன்?

கேள்வி: குன்னூர்ல கல்யாண போட்டோ எடுக்கிறேன். தேயிலைத் தோட்டத்துல எடுத்த படங்கள்ல பொண்ணோட அம்மாவுக்கு கன்னமும் மூக்கும் ரொம்ப சிவப்பா வருது. அவங்களுக்கு ரோசேசியாங்கிற, முகம் சிவக்கிற தோல் பிரச்சினை இருக்காம், போதாததுக்கு அன்னிக்கு குளிர் காத்து வேற. சாச்சுரேஷன் குறைச்சா முகம் செத்துப் போன மாதிரி ஆகுது, Hue தள்ளினா மஞ்சள் காமாலை மாதிரி ஆகுது. போட்டோஷாப்ல எப்படிச் சரி பண்றது?

பதில்:

போட்டோஷாப்பைத் திறப்பதற்கு முன்னால் ரா ஃபைலின் Tint ஸ்லைடரைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படத்தில் பாதிச் சிவப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஃபிரேம் முழுக்கப் பச்சை இருப்பதால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதை ஈடுகட்ட மெஜந்தாவைக் கூட்டிவிடுகிறது. செடியின் பச்சை கொஞ்சம் மங்குவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏற்கெனவே சிவந்திருக்கும் கன்னம்தான் இன்னும் ஏறிப்போகும். வெள்ளை வேட்டியோ சட்டையோ படத்தில் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே Tint-ஐ ஐந்து முதல் எட்டுப் புள்ளி வரை பச்சைப் பக்கம் நகர்த்துங்கள். வேட்டி வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடலாம். அதன் பிறகும் கன்னத்தில் தங்குவதுதான் உண்மையான சிவப்பு.

இப்போது சாம்பல் விஷயம். கன்னம் சிவப்பது தோலுக்கடியில் ரத்தம் கூடுவதால். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும், சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே சிவந்த கன்னத்தில் சிவப்பு சேனல் கூடியிருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அங்கே பச்சை சேனல்தான் குறைந்திருக்கும். Channels பேனலில் Red-ஐ மட்டும் போட்டுப் பாருங்கள், முகம் கிட்டத்தட்டச் சீராக இருக்கும். Green-ஐப் போட்டால் கன்னமும் மூக்கும் திட்டுத்திட்டாக இருட்டியிருக்கும்.

நம் ஊர் மாநிறத் தோலில் ஒரு உதாரணம். Eyedropper-இன் Sample Size-ஐ `31 by 31 Average` என்று வைத்து (ஒற்றைப் பிக்சலை நம்பக் கூடாது, மயிர்க்கால் ஒன்றே கணக்கைக் கெடுத்துவிடும்), Info பேனலில் HSB-யும் தெரியும்படி செய்துகொண்டு இரண்டு இடங்களை அளக்கிறோம் என்று வையுங்கள்:

```
தாடையோரம்  R152 G110 B84   H 23°
கன்னம்      R150 G98  B85   H 12°
```

சிவப்பும் நீலமும் ஏறத்தாழ ஒன்றே. பச்சை மட்டும் 12 குறைவு, அதனால் Hue 11 டிகிரி சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இதன்மேல் Saturation-ஐ −30 வைத்தால் கன்னம் சுமாராக R140 G104 B95 ஆகும். Hue அதே 12°-இல் நிற்கிறது, ஆனால் சிவப்பு விழுந்துவிட்டது, நீலம் ஏறிவிட்டது. ரத்தத்தின் நிறத்தோடு மெலனினின் பழுப்பையும் சேர்த்துத் துடைத்தாயிற்று. நீங்கள் சொல்லும் ‘செத்த’ முகம் இதுதான். அதற்குப் பதிலாக Hue-வை +7 மட்டும் நகர்த்தினால் கன்னம் R150 G106 B85, அதாவது 19°. தாடையைவிட நான்கு டிகிரி சிவப்பாகவே நிற்கிறது. அப்படித்தான் நிற்கவும் வேண்டும். நல்ல ஆரோக்கியமான முகத்திலும் கன்னம் நெற்றியைவிடக் கொஞ்சம் சிவப்புதான். இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தால் பொம்மை முகம் கிடைக்கும்.

ஆக, முதல் வேலை Hue-வுடையது. Saturation வேண்டுமானால் −5, மிஞ்சினால் −8.

தாடையில் அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. தோட்டத்தில் நிற்பவரின் தாடைக்கு அடியில் செடிகளிலிருந்து பச்சை ஒளி பிரதிபலித்து விழும், சிவப்புப் பட்டு கட்டியிருந்தால் சிவப்பு விழும். இரண்டுமே தவறான இலக்கு. காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குக் கீழே இருக்கும் பக்கவாட்டுப் பகுதிதான் ரோசேசியா பெரும்பாலும் தொடாத இடம், அங்கே அளவெடுங்கள். நலங்கு வைத்த படத்திலிருந்து அளவெடுத்து இந்தப் படத்துக்குப் போட வேண்டாம், மஞ்சள் பூசிய தோல் கணக்கையே மாற்றிவிடும்.

அடுத்து உங்கள் மஞ்சள் காமாலை. Hue/Saturation அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் Reds-ஐத் தேர்ந்தெடுத்ததும் கீழே நிறப்பட்டையில் நான்கு குறிகள் தெரியும்: 315°/345° ஒரு பக்கம், 15°\45° மறுபக்கம். 345-க்கும் 15-க்கும் நடுவே மாற்றம் முழுசாக விழும். 15-இலிருந்து 45 வரை படிப்படியாகத் தேயும். நம் தோலின் சாதாரண நிறமான 23° இந்தத் தேயும் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. +7 கொடுத்தால் அதுவும் ஐந்து டிகிரி நகர்ந்து 28° ஆகிவிடும். கன்னத்தைச் சரிசெய்யப் போய் முகம் முழுக்க மஞ்சள் ஏறுவது இப்படித்தான்.

சரி, குறியை நெருக்கிவிடலாமே என்று தோன்றும். எவ்வளவு நெருக்கலாம் என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். முழு மாற்றம் 14° வரை, தேய்வது 21°-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். +7 கொடுத்தால் 14° என்பது 21° ஆகும். 17.5°-க்குப் பாதி மாற்றம் என்பதால் அதுவும் 21°. 21° நகராமல் 21°-இலேயே நிற்கும். ஏழு டிகிரிக்குள் இருந்த அத்தனை நுணுக்கமும் ஒரே நிறத்தில் போய் அடைகிறது. மேக்கப்பை அப்பினது போலத் தெரியும். இன்னும் நெருக்கி 17°-இல் முடித்தால் வரிசையே தலைகீழ்: சிவந்திருந்த இடம் 21°-க்குத் தாவிவிடும், அதைச் சுற்றி இருந்த 17° அங்கேயே நிற்கும். முன்பு சிவப்பாக இருந்த திட்டு இப்போது சுற்றுப்புறத்தைவிட மஞ்சளான திட்டு.

அதனால் தேயும் பகுதியின் அகலம் Hue நகர்த்தலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு மடங்கு வைத்தால் நிம்மதி. +7 என்றால் 14°-இலிருந்து 28° வரை. அப்போது 14 → 21, 18 → 23, 23 → 25.5. வரிசை குலையாது, இடைவெளி மட்டும் சுருங்கும். தாடையும் இரண்டரை டிகிரி நகருமே என்றால், அதைத் தடுக்கத்தான் மாஸ்க். நிறத்தைக் கொண்டு பாதி வடிகட்டுங்கள், இடத்தைக் கொண்டு மீதியை. ஒன்றை மட்டும் நம்பினால் ஓரம் தெரிந்துவிடும்.

குறிகளை நகர்த்தும்போது Hue-வைத் தற்காலிகமாக +180-க்குத் தள்ளிவிடுங்கள். மாற்றம் விழும் இடமெல்லாம் நீலப்பச்சையாகக் கத்தும். கன்னமும் மூக்கும் நன்றாக மாறி, பக்கவாட்டுத் தோல் லேசாக மட்டும் மாறினால் குறி சரியான இடத்தில் இருக்கிறது. பிறகு +7-க்குத் திரும்புங்கள்.

லேயர் மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து `Ctrl+I` கொடுத்துக் கருப்பாக்கி, Hardness 0, Flow 8 முதல் 10 வைத்த வெள்ளை பிரஷ்ஷால் கன்னம், மூக்கு, தாடை நுனி, தேவைப்பட்டால் நெற்றி நடு ஆகிய இடங்களில் நாலைந்து முறை மெதுவாகத் தடவுங்கள். உதடு, குங்குமம், கண்ணின் உள்மூலை, மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். குங்குமம் ஆரஞ்சாக மாறிவிட்டால் வீட்டுப் பெண்கள் ஆல்பத்தைத் திறந்ததும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

இங்கே ரோசேசியாவும் குளிர்காற்றுச் சிவப்பும் பிரிகின்றன. குளிரிலோ, சூடான டீ குடித்த பிறகோ வரும் சிவப்புக்கு ஓரம் இருக்காது. காதும் சேர்ந்து சிவந்திருக்கும். அதற்கு அகலமான பிரஷ் போதும். காதையும் கூடவே லேசாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் வெளுத்த கன்னத்துக்குப் பக்கத்தில் காது மட்டும் பழுத்த மிளகாய் போல நிற்கும். ரோசேசியா முகத்தின் நடுவில் குவியும், அதில் நூல் போன்ற ரத்தநாளங்களும் சில சமயம் சிறு பருக்களும் இருக்கும். Hue மாற்றம் பரவலான சிவப்பை அடக்கும், அந்த நூல்களை முழுசாக மறைக்காது. அவற்றை மறைக்க வேண்டும் என்று Hue-வை +12, +15 என்று ஏற்றுவதுதான் வழக்கமான தப்பு. அதற்குப் பதில் மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, Blend Mode-ஐ Color ஆக்கி, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து, 100% ஜூமில், Flow 5 வைத்த சிறிய பிரஷ்ஷால் நாளத்தின் மேலேயே ஓட்டுங்கள். துளையும் சுருக்கமும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் அடங்கும். கொஞ்சம் மீதி தெரிந்தால் தெரியட்டும். ரோசேசியா அவருக்கு என்றும் இருப்பது, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த முகம் அது. அன்றைய குளிர் கூட்டியதை எடுங்கள். முழுக்க எடுக்கச் சொல்கிறாரா என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள், பொண்ணிடம் அல்ல.

இந்த முறை செல்லாத ஒரு இடம்: ஃபிளாஷ் அடித்து மூக்கிலும் கன்னமேட்டிலும் சிவப்பு சேனல் 255-ஐத் தொட்டு வெட்டுப்பட்ட படங்கள். அங்கே Hue எண்ணே பொய், எவ்வளவு நகர்த்தினாலும் மஞ்சள் பொட்டுதான் வரும். ராவுக்குத் திரும்பி Highlights-ஐ இறக்கி, சேனல் உள்ளே வந்த பிறகு மறுபடி தொடங்குங்கள். வேலையை 16 பிட்டில் வையுங்கள். 8 பிட் JPEG-இல் கன்னத்தின் மென்மையான ஏற்ற இறக்கம் படிக்கட்டாக உடையும்.

முடிந்ததா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு Hue/Saturation லேயர் போட்டு Master-இல் Saturation +60 கொடுங்கள். கண்ணுக்குத் தப்பிய மஞ்சள் வளையம், மாஸ்க் ஓரம், விட்டுப்போன நாசியோரம் எல்லாம் வெளியே வந்துவிடும். திருத்திவிட்டு அந்த லேயரை அழித்துவிடுங்கள். பிறகு ஜூமைக் குறைத்து முகத்தைக் கழுத்தோடும் கையோடும் ஒப்பிடுங்கள்.

இதே அம்மா நானூறு படங்களில் இருப்பார், ஒவ்வொன்றையும் போட்டோஷாப்புக்குக் கொண்டுபோக முடியாது. லைட்ரூம் கிளாசிக்கில் People மாஸ்க்கில் அவரைத் தேர்ந்தெடுத்து Facial Skin மட்டும் எடுத்து, அதற்குள் Point Color-இன் டிராப்பரைக் கன்னத்தில் வைத்து, Visualize Range-ஐப் பார்த்தபடி Range-ஐக் குறைத்து, Hue Shift-ஐ மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். ஸ்லைடர் எண்ணை அப்படியே டிகிரி என்று எடுத்துக்கொள்ளாமல் கண்ணால் பார்த்து நிறுத்துங்கள். தோட்டத்துப் படங்களை ஒரு கட்டாகவும் மண்டபத்துக்குள் எடுத்தவற்றை வேறு கட்டாகவும் பிரித்து ஸிங்க் செய்யுங்கள். வெளிச்சம் மாறினால் கன்னத்தின் 12° அங்கே 12° ஆக இருக்காது. ஆல்பத்தில் பெரிதாக வரும் பத்துப் பதினைந்து படங்களுக்கு மட்டும் மேலே சொன்ன முழு வேலை.