பெயர் வரிசையைப் பற்றி எழுதும் மின்னஞ்சல்

"அக்கா, இங்கே ஆய்வகத்தில் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. கட்டுரையின் பகுப்பாய்வு முழுவதும் நான் செய்தது, பெரும்பகுதி எழுதியதும் நான்தான். வரைவில் என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. மனக்கசப்பு வராமல் எப்படிக் கேட்பது?"

தம்பி, கட்டுரை இதழுக்குப் போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். போன பிறகு வரிசையை மாற்ற வேண்டுமானால் பெரும்பாலான இதழ்கள் காரணத்தையும் எல்லா ஆசிரியர்களின் எழுத்துபூர்வச் சம்மதத்தையும் கேட்கும். இன்னும் போகவில்லை என்றால் இந்த வாரமே எழுதுங்கள். உங்கள் துறையின் வழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கணிதத்தில் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில்தான் வரும். அங்கே மூன்றாவது என்பதற்குப் பொருளே இல்லை.

நான் வந்த இரண்டாம் ஆண்டில் இதே நிலையில் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். 'என் உழைப்புதான் அதிகம்' என்று எழுதியிருந்தேன். தரவு சேகரிக்க எனக்கு முன்பே இரண்டு ஆண்டு அலைந்த சக ஆய்வாளரின் வேலை எனக்குத் தெரியவே தெரியாது. அவர் புண்பட்டார், பேராசிரியர் எல்லோர் முன்னும் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளானார். வரிசை மாறவில்லை.

அதனால் முதல் மின்னஞ்சல் பேராசிரியருக்கு மட்டும் போகட்டும். தீர்ப்பாக இல்லாமல் கேள்வியாக எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி:

"வரைவைப் படித்தேன். இந்தக் கட்டுரையில் பெயர் வரிசை எந்த அடிப்படையில் அமைகிறது என்று அறிய விரும்புகிறேன். பகுப்பாய்வு நிரல், படம் 2 முதல் 5 வரை, முறைகள், முடிவுகள் பகுதிகளின் முதல் வரைவு ஆகியவை என் பங்கு. ஆய்வு வடிவமைப்பும் தரவுச் சேகரிப்பும் மற்றவர்களுடையவை. அவர்கள் செய்ததில் எனக்குத் தெரியாதவையும் இருக்கலாம். ஒவ்வொருவரும் தம் பங்கைக் குறித்து அனுப்பினால், அதை வைத்து அனைவரும் வரிசையைப் பேசலாமா?"

பங்கைக் குறிக்கக் கிரெடிட் என்ற பட்டியல் இருக்கிறது. கருத்துருவாக்கம், தரவுப் பராமரிப்பு, பகுப்பாய்வு, முதல் வரைவு என 14 பங்களிப்பு வகைகள் அதில் உள்ளன. பல இதழ்கள் இந்தப் பட்டியலை எப்படியும் கேட்கும் என்பதால், அதை இப்போதே நிரப்பலாம் என்று சொல்வது யாரையும் குற்றம் சாட்டுவதாகத் தோன்றாது. ஆனால் அந்தப் பட்டியல் வரிசையைத் தானாகச் சொல்லிவிடாது; எந்தப் பங்குக்கு எவ்வளவு எடை என்பதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நிரலின் மாற்றப் பதிவு, வரைவின் தேதியிட்ட பழைய பிரதிகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கேட்டால் மட்டும் காட்டுங்கள். முதல் மின்னஞ்சலிலேயே இணைத்தால் வழக்குப் போடுவது போல் இருக்கும். செலவழித்த மணிநேரத்தை எழுதவே வேண்டாம், அதை யாராலும் சரிபார்க்க முடியாது.

ஆய்வின் கேள்வியே இன்னொருவருடையது என்றால், முதலிடம் அவருக்குப் போவது நியாயமாகவே இருக்கலாம். அப்போது இரண்டாம் இடத்தையோ, 'இருவரும் சமமாகப் பங்களித்தனர்' என்ற அடிக்குறிப்பையோ கேளுங்கள். நேரில் பேசி முடிவானால், அன்றைக்கே அதை நான்கு வரியில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். முடிவாகாவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் செல்லுங்கள். யார் முதலில் என்பதை இதழாசிரியர்கள் தீர்த்துவைப்பதில்லை. நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புவார்கள்.