முதல் வரியில் ஐஸ் வேண்டாம்

வணக்கம் ஐயா,

தைப்பூசத்துக்கு எங்கள் குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து பினாங்கில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். அப்பா காலத்திலிருந்து ஓர் அண்ணன்தான் சமையல், காசு வாங்க மாட்டார். போன வருஷம் பத்து மணிக்கெல்லாம் தயிர் சாதம் புளித்துவிட்டது, ஆட்கள் கொட்டிவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் வெளியில் ஆர்டர் கொடுக்க முடிவாகிவிட்டது. அவர் சிங்கப்பூரில் வேலை செய்வதால் வாட்ஸ்அப்பில்தான் சொல்ல வேண்டும், அதுவும் நான்தான். ‘அண்ணே, உங்கள் கைப்பக்குவம் யாருக்கும் வராது, போன வருஷமும் எல்லாரும் புகழ்ந்தார்கள்’ என்று ஆரம்பித்து எழுதி வைத்திருக்கிறேன். ஏனோ அனுப்பக் கை வரவில்லை. பாராட்டில் தொடங்குவதுதானே மரியாதை? கடைசியில் கைகூப்பும் எமோஜி போடலாமா?

ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

அன்புள்ள தங்கைக்கு,

எமோஜி உங்கள் விருப்பம். அனுப்பக் கை வரவில்லை என்றீர்களே, அந்தக் கைக்கு உங்களைவிட விவரம் தெரிந்திருக்கிறது.

போன வருஷம் யாரும் புகழவில்லை, கொட்டிவிட்டுப் போனார்கள். அது அண்ணனுக்கும் தெரியும், அவர் அங்கேதானே நின்றார். நடக்காததை முதல் வரியிலேயே எழுதிவிட்டு, அடுத்த வரியை மட்டும் அவர் நம்ப வேண்டும் என்றால் எப்படி?

இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பழைய கடிதங்களை அடுக்கும்போது, இளவயதில் ஒரு ஞாயிறு மலரிலிருந்து எனக்கு வந்த கடிதங்கள் கிடைத்தன. செந்தூலில் வாடகை அறையில் இருந்தபோது வந்தவை. கதையைப் போடுவதாக இருந்தால் ஆசிரியர் ஒரே வரிதான் எழுதுவார்: ‘கதை அடுத்த வாரம் வருகிறது.’ திருப்பி அனுப்புவதாக இருந்தால் முக்கால் பக்கம். ‘தங்கள் நடையில் உள்ள எளிமை எங்களை வெகுவாகக் கவர்ந்தது’ என்று தொடங்கும். இரண்டு மூன்று தடவையில் எனக்குப் பாடம் பிடிபட்டுவிட்டது. உறையைப் பிரித்ததும் ‘கவர்ந்தது’ கண்ணில் பட்டால் மேலே படிக்காமலே மடித்து வைத்துவிடுவேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்புறம் வெகு நாளைக்கு, யார் நல்ல வார்த்தை சொன்னாலும் ‘ஆனால்’ எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை மூத்த எழுத்தாளர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி, கதை நன்றாக இருந்தது என்றார். சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அவர் எதற்காகச் சொன்னார், என்ன கேட்க வந்தார் என்று ஒரு வாரம் யோசித்தேன். அவர் ஒன்றும் கேட்க வரவில்லை, கதை நன்றாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். கெட்ட செய்திக்கு முன்னால் பாராட்டை வைத்துப் பழக்கினால், அந்த ஆளுக்கு உண்மையான பாராட்டும் கெட்டுப்போகிறது. எனக்கு அந்த ஆசிரியர் மேல் உள்ள கோபம் திருப்பி அனுப்பிய கதைகளுக்காக இல்லை.

நம் ஆட்களின் காது இதில் ரொம்பக் கூர்மை. கொஞ்சம் கூடுதலாகப் புகழ்ந்தால் போதும், ‘என்ன, இன்னைக்கு ஐஸ் பலமா இருக்கு?’ என்று கேட்டுவிடுவார்கள். ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் படிக்கலாம். உன் ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் உள்ள மனையில் இருக்கின்றன; எங்கள் தலைவனுடையவை பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். மேலுக்குப் புகழ்ச்சி, உள்ளே குத்து. அது எதிரிக்குச் சொன்னது. உங்கள் அண்ணன் எதிரியா?

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த ஆஞ்செலா லெக், கேட் ஸ்வீனி இருவரின் ஓர் ஆய்வு 2014ல் வந்தது. நல்லது ஒன்றும் கெட்டது ஒன்றும் இருந்தால் எதை முதலில் கேட்க விருப்பம் என்று கேட்டால், கேட்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் கெட்டதை முதலில் சொல்லிவிடு என்கிறார்கள். சொல்ல வேண்டியவர்களோ நல்லதில் தொடங்கத்தான் பார்க்கிறார்கள். அதனால், கோபிக்காதீர்கள், உங்கள் முதல் வரி அண்ணனுக்காக எழுதியது இல்லை. உங்கள் படபடப்பைத் தணித்துக்கொள்ள எழுதியது.

வாட்ஸ்அப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. வேலையில் இருக்கும் மனிதர் ஃபோனைத் திறக்கவே வேண்டாம், மூடிய திரையிலேயே மெசேஜின் தலை தெரியும். அங்கே சில வார்த்தைக்குத்தான் இடம். ‘அண்ணே, உங்கள் கைப்பக்குவம் யாருக்கும் வராது’ என்பதை மட்டும் பார்த்துவிட்டுச் சிரித்தபடி ஃபோனைப் பைக்குள் போடுவார். மீதியை இரவில் சாவகாசமாகத் திறந்து படிப்பார். இடையில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால்? பக்கத்தில் நிற்கிறவரிடம் காட்டிவிட்டால்? அந்த நாலு மணி நேரச் சந்தோஷத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

அதற்காக முடிவைத் தூக்கி அந்தத் திரையில் எறியவும் வேண்டாம். டாக்டர்கள் கெட்ட செய்தி சொல்வதற்கு 2000ஆம் ஆண்டு வெளியான ஸ்பைக்ஸ் என்ற முறையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வருத்தமான செய்தி வருகிறது என்று முதலில் ஒரே வாக்கியத்தில் சொல்லி, ஆளைக் கொஞ்சம் தயாராக்கிவிட்டு, விஷயத்துக்கு வருவது. உங்களுடையதும் அப்படி இருக்கட்டும்:

‘அண்ணே, பந்தல் சமையல் பற்றி ஒரு வருத்தமான விஷயம். வரும் தைப்பூசத்துக்குச் சாப்பாட்டை வெளியில் ஆர்டர் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். போன வருஷம் தயிர் சாதம் புளித்துப் போனதுதான் காரணம். வேறு யார் மூலமாகவும் உங்களுக்குத் தெரியக்கூடாது என்று நானே எழுதுகிறேன். அப்பா காலத்திலிருந்து எங்களுக்காக விடிய விடிய அடுப்படியில் நின்றிருக்கிறீர்கள், அதற்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். இன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன். பேசப் பிடிக்கவில்லை என்றால் எடுக்க வேண்டாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.’

முடிவாகிவிட்டதைக் கேள்வியாக எழுதாதீர்கள். ‘என்னண்ணே, வெளியில் கொடுத்துப் பார்ப்போமா?’ என்று கேட்டால் அவர் வேண்டாம் என்பார், பிறகு என்ன செய்வீர்கள்? ‘உங்களுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று’ என்றெல்லாம் அன்பாகக் கயிறு திரிக்கவும் வேண்டாம். ‘எனக்கு ஓய்வு எதற்கு’ என்று வந்து நிற்பார். தயிர் சாதம் புளித்தது என்றால் அது புளித்ததுதான், அதை மாற்ற முடியாது. சமைத்தவருக்கு அது புது விஷயமும் இல்லை.

நன்றியும் பாராட்டும் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பக்குவம் அபாரம் என்றால் அது மார்க் போடுவது. நம் வீடுகளில் தங்கச்சி அண்ணனுக்கு மார்க் போடுவதில்லை, அதுவும் சமையலை விட்டு எடுக்கிற அன்றைக்கு. விடிய விடிய நின்றீர்கள் என்பது நடந்தது, அதை யாராலும் மறுக்க முடியாது. அதற்கு முன்னால் ‘இருந்தாலும்’, பின்னால் ‘ஆனாலும்’ போட்டு ஒட்டவும் வேண்டாம். தனி வாக்கியமாக நிற்கட்டும்.

அவர் நீலக் குறி காட்டிவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். சமாதானம் சொல்கிறேன் என்று மெசேஜ் மேல் மெசேஜ் போடாதீர்கள். அவருடைய அண்டாவும் அகப்பையும் உங்கள் வீட்டில் கிடந்தால் அதைப் பற்றியும் இப்போது எழுத வேண்டாம். அவர் ஊருக்கு வரும்போது நன்றாகத் தேய்த்துக் கழுவி, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.